ஏலத்தோட்டத்து நாளுக்கு எது தாங்கும்: நாப்கின், துணி, கப்

கம்பத்தில் விடிகாலையில் ஜீப் ஏறி, குமுளிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டு சாயங்காலம் இறங்கும் பெண்களுக்கு, வேலைக்கு நடுவில் நாப்கின் மாற்ற மறைவிடம் கிடைப்பது அரிது. பத்து மணி நேரம் ஒரே பேடு, அதன் மேல் சாரல் ஈரம். தோல் புண்ணானால் பிராண்டை மாற்றும் முன், புண் எந்த இடத்தில் என்று பாருங்கள்.

தொடை இடுக்கில், விங்ஸ் மடியும் கோட்டில் மட்டும் எரிந்தால் அது உராய்வு. நெட் போட்ட பேடின் மேல்பரப்பு ஓட்டை போட்ட பிளாஸ்டிக் படலம். ரத்தத்தைச் சட்டென்று கீழே இறக்கும், ஆனால் வியர்வையில் தோலோடு ஒட்டி, நடக்க நடக்க ஓரம் அறுக்கும். மெத்தென்ற மேலுறை உள்ளதற்கு மாறினால் இந்த எரிச்சல் குறையும். "காட்டன்" என்று நாம் சொல்லும் அந்த மேலுறையும் பெரும்பாலும் பஞ்சு இல்லை, மெல்லிய பிளாஸ்டிக் இழைதான். ஈரம் மேலேயே கொஞ்சம் தங்கும் என்பதால் நாலு முதல் ஆறு மணி நேரத்துக்குள் மாற்றியாக வேண்டும்.

பேடின் வடிவத்திலேயே சிவந்து அரித்தால் ஈரத்தையோ வாசனையையோ சந்தேகப்படுங்கள். வாசனையில்லாத பேடு ஒரு மாதம் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். மடிப்புக்குள் செக்கச்சிவந்து, சுற்றிலும் பொட்டுப் பொட்டாகப் பரவினால் பூஞ்சையாக இருக்கலாம். அதற்கு டாக்டரிடம் காட்டி மருந்து போட வேண்டும்.

அரிப்பு உள்ள தோலுக்குப் பருத்தித் துணி பேடு இதம். பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து சோப்பு போட்டு அலசுங்கள். வெந்நீர் கறையை இறுக்கிவிடும், துணி மென்மையாக்கும் திரவம் உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும். கம்பத்து மொட்டைமாடி வெயிலில் நன்றாகக் காயும். தோட்டத்து லயத்தில் தங்குபவர்களுக்கு ஆடி மழையில் காயாது. நடுமடிப்பை விரலால் அழுத்தி, சில்லென்றிருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. அதை வைக்கக் கூடாது.

நாள் முழுக்க மாற்ற முடியாதவர்களுக்கு எங்கள் தேர்வு, பிறப்புறுப்புக்குள் வைத்து ரத்தத்தைப் பிடிக்கும் சிலிகான் கப். கேரளத்தில் ஆலப்புழையிலும் கும்பளங்கியிலும் திட்டம் போட்டே பெண்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். வெளியே ரத்த ஈரம் படாததால் தொடைப் புண் குறையும். ஜீப்புக்கு முன் வீட்டில் கை கழுவி வைத்தால், பன்னிரண்டு மணி நேரத்துக்குள் வீட்டிலேயே எடுத்துவிடலாம். அதிகம் போகும் முதல் இரண்டு நாள் அதற்குள் நிரம்பி வழியலாம், மெல்லிய துணி பேடும் வையுங்கள். நிரம்பாமலே கசிந்தால் கப் முழுதாக விரியவில்லை. அடிப்பாகத்தைச் சுற்றி விரலை ஓட்டிப் பார்த்தால் மடிப்பு தட்டுப்படும். எடுக்கும்போது காம்பை மட்டும் இழுத்தால் வலிக்கும், அடிப்பாகத்தை அமுக்கி உள்ளே காற்று புகவிட்டபின் எடுங்கள். மாதவிடாய் முடிந்ததும் தனிப் பாத்திரத்தில், அடி தொடாமல் மூழ்கும் தண்ணீரில், ஐந்து நிமிடமாவது கொதிக்கவிடுங்கள். காப்பர்-டி போட்டிருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் கப் வைக்க வேண்டாம், இழுக்கும்போது அதுவும் நகரலாம்.