அப்பா வாங்கிய மனையும் ஆடிட்டர் போட்ட வரிக் கணக்கும்

2025 ஜனவரியில் ஊருக்குப் போனபோது, அப்பா 1986-ல் வாங்கிப் போட்ட மனையை நானும் தங்கையும் சேர்ந்து விற்றோம். தஞ்சாவூர் மாவட்டத்தில், ஒரு நகராட்சி எல்லைக்குள் இருக்கும் 4,800 சதுர அடி. ஊர்க் கணக்கில் ஏறத்தாழ 11 சென்ட். அப்பா 2009-ல் காலமான பிறகு வாரிசு சான்றிதழ், பட்டா மாற்றம் எல்லாம் முடித்து ஆளுக்குப் பாதி என்று வைத்திருந்தோம். நான் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன், தங்கை திருச்சியில் ஆசிரியை. ஒரே மனை, ஒரே விலை, சரிபாதிப் பங்கு. ஆனால் வரிச் சட்டம் எங்கள் இருவரையும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. வெளிநாட்டில் இருந்துகொண்டு குடும்பச் சொத்தை விற்கப் போகிறவர்களுக்கு உதவும் என்பதால் அந்தக் கணக்கை முழுதாக எழுதுகிறேன்.

விற்பனை விலை 72 லட்சம், சதுர அடிக்கு 1,500 ரூபாய். அப்போதைய அரசு வழிகாட்டி மதிப்பு 1,350 ரூபாய். இந்த ஒப்பீட்டை முதலில் செய்துவிட வேண்டும். வழிகாட்டி மதிப்பைவிடக் குறைந்த விலைக்கு விற்றால், வித்தியாசம் பத்து சதவீதத்தைத் தாண்டும்போது, வாங்கிய பணம் எவ்வளவாக இருந்தாலும் வழிகாட்டி மதிப்பையே விற்பனை விலையாக எடுத்துக்கொண்டு வரி போடுவார்கள். எங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. வேறொரு பேச்சு வந்தது. பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பை மட்டும் காட்டிவிட்டு, மீதியை ரொக்கமாகத் தருவதாகத் தரகர் சொன்னார். நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. கணக்கில் வராத அந்தப் பணத்தை வங்கி வழியாகச் சிங்கப்பூருக்குக் கொண்டுபோகவும் முடியாது.

அடுத்தது அடக்கவிலை. மூலப்பத்திரத்தில் இருப்பது 36,000 ரூபாய். 72 லட்சத்தில் 36,000-ஐக் கழித்தால் மிச்சம் எல்லாம் லாபம்தானே என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்தினார்கள். அப்படி இல்லை. வாரிசாக வந்த சொத்துக்கு, அதை வாங்கியவரின் அடக்கவிலைதான் நமக்கும் அடக்கவிலை. அவர் வைத்திருந்த காலமும் நம் கணக்கில் சேரும். சொத்து 2001 ஏப்ரல் 1-க்கு முன்னால் வாங்கியதாக இருந்தால், பத்திர விலைக்குப் பதிலாக அந்த நாளின் சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். ஒரே கட்டுப்பாடு, அந்த மதிப்பு அதே நாளின் வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. 2020-ம் ஆண்டு நிதிச் சட்டத்தில் வந்த வரம்பு இது. அதற்கு முன்னால் பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் எழுதிக் கொடுத்ததை வைத்தே பலர் கணக்குக் காட்டி வந்தார்கள்.

அதனால் மதிப்பீட்டாளரிடம் போவதற்கு முன் சார்பதிவாளர் அலுவலகம் போவதுதான் சரியான வரிசை. 2001-ல் அந்த இடத்துக்கு இருந்த வழிகாட்டி மதிப்பைக் கேட்டு எழுத்தில் மனு கொடுத்தோம். தேடிக் கொடுக்கப் பொறுமை வேண்டியிருந்தது, ஏனென்றால் இப்போதைய பட்டாவில் இருப்பது உட்பிரிவு செய்த புதிய சர்வே எண். பழைய பதிவேட்டில் உட்பிரிவுக்கு முந்தைய எண்தான் இருக்கும். அது மூலப்பத்திரத்தின் சொத்து விவரத்தில் இருந்தது. மூலப்பத்திரத்தின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு போனதால் வேலை நடந்தது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: ஒரே சர்வே எண்ணுக்குப் புஞ்சை என்று ஏக்கருக்கு ஒரு மதிப்பும், தெருப்பெயரில் மனை என்று சதுர அடிக்கு ஒரு மதிப்பும் இருக்கலாம். அப்பாவின் பத்திரத்தில் மனை என்றே தெளிவாக எழுதியிருந்ததால் தெரு மதிப்பைக் கேட்டு வாங்கினோம். சதுர அடிக்கு 120 ரூபாய். மொத்தம் 5,76,000. மதிப்பீட்டாளர் 160 ரூபாய் வரை சொல்லலாம் என்றார். வரம்பு 120-ல் நின்றுவிடுவதால் அதற்குப் பயன் இல்லை.

மேம்பாட்டுச் செலவு என்ற இடத்தில்தான் எங்கள் வீட்டில் அதிகம் பேச்சு நடந்தது. அப்பா 1994-ல் கிணறு வெட்டினார், அதற்கான செலவைத் தன் நோட்டில் எழுதியும் வைத்திருந்தார். தங்கைக்கு அதைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று ஆசை. ஆடிட்டர் பொறுமையாக விளக்கினார்: "2001 மதிப்பை எடுத்துக்கிட்டா, அதுக்கு முன்னால செஞ்ச செலவு எதையும் தனியா காட்ட முடியாதும்மா. கிணத்தோட சேர்த்துத்தான் அன்னிக்கு அந்த மனைக்கு மதிப்பு." 2001 ஏப்ரலுக்குப் பிறகு செய்ததை மட்டுமே சேர்க்கலாம். அதிலும் சொத்தின் மதிப்பை நிலையாகக் கூட்டும் செலவாக இருக்க வேண்டும். 2011-12-ல் பள்ளமாக இருந்த பாதி இடத்துக்கு மண் அடித்து மேடாக்கி, சுற்றுச்சுவரும் கட்டினோம். செலவு 3,20,000 ரூபாய். மேஸ்திரிக்குக் காசோலையாகக் கொடுத்தது வங்கிக் கணக்கில் இருந்தது, செங்கல், சிமெண்ட் ரசீதுகளும் பெட்டியில் கிடைத்தன. அது சேர்ந்தது. வருடா வருடம் கருவேல முள்ளை வெட்டிய கூலி, காலிமனை வரி, காவலுக்கு இருந்தவருக்குக் கொடுத்த பணம் இவையெல்லாம் பராமரிப்புக் கணக்கு, சேராது. தரகருக்கு இந்த விற்பனைக்காகக் கொடுத்த 72,000 மட்டும் விற்பனைச் செலவாகக் கழிந்தது.

இனி என் பங்கைப் பாருங்கள். தரகு போக விற்பனைத் தொகை 71,28,000. அதில் பாதி 35,64,000. அடக்கவிலையில் பாதி 2,88,000, மேம்பாட்டில் பாதி 1,60,000. இரண்டையும் கழித்தால் மூலதன ஆதாயம் 31,16,000 ரூபாய். மனையை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்ததால் இது நீண்டகால ஆதாயம். 12.5 சதவீத வரி 3,89,500. அதன்மேல் 4 சதவீத செஸ் 15,580. ஆக 4,05,080 ரூபாய். 2001 மதிப்பைத் தேடாமல் பத்திர விலையான 36,000-ஐ மட்டும் வைத்திருந்தால் 4,40,180 வந்திருக்கும். அந்த மனுவால் ஆளுக்கு 35,100 ரூபாய் மிச்சம்.

தங்கைக்கு இன்னொரு வழி உண்டு. 2024 ஜூலை 23 முதல் பணவீக்கத்துக்கு ஏற்ப அடக்கவிலையைக் கூட்டும் பழைய முறை போய், நேராக 12.5 சதவீதம் என்று ஆனது. அந்தத் தேதிக்கு முன் வாங்கிய நிலம், கட்டடத்துக்கு மட்டும், இந்தியாவில் வசிக்கும் தனிநபர்களும் இந்துக் கூட்டுக் குடும்பங்களும் பழைய 20 சதவீத முறையையும் போட்டுப் பார்த்து, எது குறைவோ அதைக் கட்டலாம். வெளிநாடுவாழ் இந்தியருக்கு அந்தச் சலுகை கிடையாது. இதைக் கேட்டதும் மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அப்பா எங்கள் இருவருக்கும் சமமாக விட்டுப்போனதை வசிக்கும் நாட்டை வைத்துப் பிரிப்பது நியாயம் இல்லை என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் ஆடிட்டர், "முதல்ல போட்டுப் பார்ப்போம் சார்" என்றார்.

2001-02-க்குப் பணவீக்கக் குறியீடு 100, 2011-12-க்கு 184, விற்ற 2024-25-க்கு 363. தங்கையின் பங்கான 2,88,000-ஐ 3.63 மடங்காக்கினால் 10,45,440. மேம்பாட்டின் 1,60,000-ஐ 363-ஆல் பெருக்கி 184-ஆல் வகுத்தால் சுமார் 3,15,650. இரண்டையும் கழித்த ஆதாயம் ஏறத்தாழ 22,02,900. பார்க்கக் குறைவாக இருக்கிறது. ஆனால் அதற்கு 20 சதவீதமும் செஸ்ஸும் சேர்த்தால் சுமார் 4,58,200 ரூபாய். புதிய முறையைவிட ஐம்பதாயிரத்துக்கு மேல் அதிகம்! தங்கையும் 12.5 சதவீதத்தையே எடுத்துக்கொண்டாள்.

2024-25-ல் விற்ற மனைக்கு ஒரு சுருக்கமான சோதனை இருக்கிறது. மேம்பாட்டுச் செலவை விட்டுவிட்டுப் பார்த்தால், விற்பனை விலை 2001 மதிப்பைப்போல் எட்டு மடங்குக்கு மேல் இருந்தால் புதிய முறை லாபம். எட்டு மடங்குக்குக் கீழே இருந்தால் பழைய முறை லாபம். எங்கள் மனை பன்னிரண்டரை மடங்கு ஏறியிருந்தது. விலை அதிகம் ஏறாத இடம் என்றால் கதை வேறு. 2001-ல் 2 லட்சம், இப்போது 10 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் இருப்பவருக்குச் செஸ் இல்லாமல் 54,800 ரூபாய் வரி. வெளிநாட்டில் இருப்பவருக்கு அதே பங்குக்கு 1,00,000. விலை ஏறாத மனையை விற்கும்போதுதான் நமக்கு உண்மையான இழப்பு.

எல்லாம் சரியாக இருந்தும் பத்திரத்துக்கு முன் ஒரு இடத்தில் தடுமாற்றம் வந்தது. வாங்குகிறவருக்கு உதவிய பத்திர எழுத்தர், இருவர் பங்குக்கும் ஒரு சதவீத வரி பிடித்தால் போதும் என்று சொல்லியிருந்தார். அது தங்கைக்குத்தான் பொருந்தும். அவள் பங்குக்கு 36,000 பிடித்து 26QB என்ற படிவத்தில் கட்டினால் முடிந்தது. வெளிநாடுவாழ் இந்தியரின் பங்குக்கு, குறைத்துப் பிடிக்க வருமானவரித் துறையின் சான்றிதழ் இல்லாவிட்டால், ஆதாயத்துக்கு இல்லாமல் முழு விற்பனைத் தொகைக்கும் வரி பிடிப்பதே நடைமுறை. என் 36 லட்சத்துக்கு 12.5 சதவீதமும் செஸ்ஸும் சேர்த்து 4,68,000. வாங்குபவர் வரி பிடிப்பவர்களுக்கான டான் எண் எடுத்து, 27Q என்ற படிவத்தில் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது. ஒரு சதவீதம் மட்டும் பிடித்திருந்தால் பிறகு நோட்டீஸ் அவருக்குத்தான் போகும். ஆடிட்டரே அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசியதும் புரிந்துகொண்டார்.

குறைத்துப் பிடிக்கும் சான்றிதழுக்கு நான் விண்ணப்பிக்கவில்லை. பழைய மனைகளில் அடக்கவிலை சிறியதாக இருப்பதால், பிடிக்கும் தொகைக்கும் உண்மையான வரிக்கும் பெரிய வித்தியாசம் வராது. எனக்கு 62,920 ரூபாய்தான். அதற்காக வாங்குபவரைக் காக்கவைப்பதைவிட, கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறுவது எளிது. சமீபத்தில் வாங்கிய வீட்டை விற்பதாக இருந்தாலோ, ஆதாயத்தை வேறு வீட்டில் போட்டு விலக்குக் கேட்கப் போவதாக இருந்தாலோ, சான்றிதழ் இல்லாமல் பத்திரத்துக்குப் போகவே கூடாது.

பணம், வெளிநாடுவாழ் இந்தியர் இந்திய வருமானத்தைப் போடும் என் என்ஆர்ஓ வங்கிக் கணக்குக்கு வந்தது. சில மாதம் கழித்து, நம் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26AS அறிக்கையில் பார்த்தேன், என் பான் எண்ணில் 4,68,000 வரவாகியிருந்தது. அந்த வரவு தெரியாமல் வருமானவரிக் கணக்கைத் தாக்கல் செய்யக் கூடாது. தெரியவில்லை என்றால் வாங்கியவர் 27Q-ஐ இன்னும் தாக்கல் செய்யவில்லை, அல்லது பான் எண்ணைத் தவறாகப் போட்டிருக்கிறார் என்று பொருள். வரி பிடித்ததற்கான சான்றான படிவம் 16A-ஐ அவரிடம் கேட்டால் விஷயம் தெரிந்துவிடும். எனக்கு எல்லாம் சரியாக இருந்ததால் ITR-2 தாக்கல் செய்தேன். மூலப்பத்திரம், 2001 வழிகாட்டி மதிப்புச் சான்று, சுற்றுச்சுவர் ரசீதுகள் மூன்றையும் ஸ்கேன் செய்து ஆடிட்டரிடமும் தங்கையிடமும் ஒவ்வொரு பிரதி கொடுத்திருக்கிறேன், ஏனென்றால் விசாரணை வந்தால் கேட்கப்போவது இவற்றைத்தான்.