40 லட்சம் பாக்கிக்கு எவ்வளவு ஒதுக்குவது?

ஈரோட்டுப் பக்கம் ஒரு நூல் வியாபாரியின் கணக்கை நான் பார்க்கிறேன். மார்ச் 31 அன்று பார்ட்டிகளிடமிருந்து வரவேண்டியது 40 லட்சம். இதில் எவ்வளவு வராமல் போகும் என்று யூகித்து, வாரா ஐயக்கடன் ஒதுக்கு வைக்க வேண்டும். அதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றும் மூன்று தொகையைச் சொல்கின்றன.

அவர் இத்தனை வருடமாகச் செய்துவந்தது மொத்தப் பாக்கியில் 3 சதவீதம், அதாவது 1,20,000. ஒரு நிமிட வேலை. போன வருடமும் பாக்கி 40 லட்சம்தான், ஒதுக்கும் இதே 1,20,000தான். ஆனால் போன வருடம் ஆறு மாதம் தாண்டிய பில் ஒன்றுகூட இல்லை, இந்த வருடம் 2 லட்சத்துக்கு இருக்கிறது. 3 சதவீதத்துக்கு அதெல்லாம் கண்ணில் படாது. அந்த 3 எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். பழைய ஆடிட்டர் காலத்திலிருந்தே அப்படித்தானாம்.

அடுத்தது வயது வாரியான கணக்கு. வயதைப் பில் தேதியிலிருந்து எண்ணக் கூடாது, கெடு தேதியிலிருந்து எண்ண வேண்டும். 60 நாள் கெடு கொடுத்துவிட்டு 50 நாள் பில்லைப் பழசு என்று சொல்ல முடியாதே. இவருடைய பாக்கி இப்படிப் பிரிந்தது: கெடு வராதது 22 லட்சம், தாண்டி 30 நாள் வரை 9 லட்சம், 31 முதல் 90 நாள் வரை 5 லட்சம், 91 முதல் 180 வரை 2 லட்சம், அதற்கும் மேலே 2 லட்சம்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் எத்தனை சதவீதம் என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். இணையத்தில் கிடைக்கும் பட்டியலைக் காப்பி அடிக்க வேண்டியதில்லை, நம் பழைய பில்களே சொல்லும். முழுதும் முடிந்துபோன ஒரு வருடத்தை எடுத்தோம். கடன் விற்பனை 2 கோடி, கடைசிவரை வராமல் போனது 1 லட்சம். அந்த 2 கோடியில் கெடு தாண்டியது 50 லட்சம், 30 நாள் தாண்டியது 20 லட்சம், 90 நாள் தாண்டியது 5 லட்சம், 180 நாள் தாண்டியது 2 லட்சம். அதே 1 லட்சத்தை ஒவ்வொன்றாலும் வகுத்தால் 0.5, 2, 5, 20, 50 சதவீதம். இதை இப்போதைய பாக்கியின் மேல் போட்டால் 11,000, 18,000, 25,000, 40,000, 1,00,000. ஆக மொத்தம் 1,94,000. இந்திய கணக்கியல் தரநிலை 109, வியாபாரப் பாக்கிகளுக்கு அனுமதிக்கும் சுலப முறையும் இந்த மாதிரிதான்; கூடவே வரப்போகும் நிலவரத்தையும் பார்த்து விகிதத்தை மாற்றச் சொல்கிறது.

இதிலும் ஓட்டை உண்டு. டேலியில் வந்த பணத்தை எந்தப் பில்லுக்கு என்று காட்டாமல் 'ஆன் அக்கவுண்ட்' என்று போட்டுவிட்டால், தீர்ந்துபோன பில்லும் பழைய பாக்கியாக நிற்கும். ஒரே பார்ட்டி பெயரில் பழைய பில்லும் ஒட்டாத வரவும் சேர்ந்து தெரிந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். இதற்கு நேர்மாறான ஆபத்து, புதுச் சரக்கு எடுத்தால்தான் பழைய பில்லுக்குப் பணம் தரும் பார்ட்டி. அவர் பாக்கி குறையவே குறையாது, ஆனால் பட்டியலில் என்றும் இளமையாக இருக்கும்.

மூன்றாவது, பார்ட்டி பார்ட்டியாக உட்கார்ந்து பார்ப்பது. கெடு வராத 22 லட்சத்தில் 3 லட்சம் ஒரு நிட்டிங் யூனிட்டுடையது. வயதுக் கணக்கு அதற்கு 1,500 ரூபாய் போதும் என்கிறது. ஆனால் முந்தைய பில்லுக்கு அவர் கொடுத்த செக் இரண்டு முறை திரும்பியது, மெஷின்களையும் விற்கிறார் என்று மார்க்கெட்டில் பேச்சு. அதற்கு 60 சதவீதம், 1,80,000 வைத்தோம். 180 நாள் தாண்டியதில் 50,000 கடையை மூடிவிட்டுப் போனவருடையது, அது முழுசாகவே போச்சு. மீதி 1,50,000 வைத்திருப்பவர் மாதம் தவறாமல் 10,000 அனுப்புகிறார். அவருக்கு 50 சதவீதம் அநியாயம், 20 போதும், 30,000.

இந்த மூவரையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு (இல்லையென்றால் இரட்டிப்பாகிவிடும்), மீதிக்கு வயதுக் கணக்கைப் போட்டால் 92,500. இவர்களுக்கு 2,60,000. ஆக 3,52,500.

அப்படியென்றால் எல்லோரையும் ஆள் பார்த்தே முடிவுசெய்யலாமே என்றார் முதலாளி. அவரை விட்டால் "அவர் நம்ம ஆளு, தந்துருவார்" என்றே எல்லாப் பெயரும் தாண்டிப்போகும். அதனால் என் கட்சி இது: அடித்தளம் வயதுக் கணக்கு, கையில் ஆதாரம் உள்ள நாலைந்து பெயர்களுக்கு மட்டும் தனிக் கணக்கு. திரும்பிய செக், மூடிய ஷட்டர், மாதாமாதம் வரும் வங்கி வரவு எல்லாம் ஆதாரம். நட்பு ஆதாரம் ஆகாது.

"இவ்வளவு வைத்தால் வரி குறையுமா?" என்பது அடுத்த கேள்வி. குறையாது. ஒதுக்கு வைப்பதற்கு வருமான வரியில் கழிவு இல்லை. புத்தகத்தில் வாராக்கடனாகத் தள்ளினால்தான் உண்டு. அதனால் கடையை மூடிய அந்த 50,000ஐ ஒதுக்கிலிருந்து எடுத்து நேராகத் தள்ளிவிட்டோம். மீதி ஒதுக்கு 3,02,500. ஏற்கெனவே 1,20,000 இருப்பதால் இந்த வருட லாபத்தில் ஒதுக்குக்காகக் குறைவது 1,82,500, தள்ளியது 50,000.