கெடிலமா, ஒப்பனையா, பாதிரிப்பூவா: ஒரு நாடகக் குழுவின் பெயரைச் சுவரில் ஒட்டிப் பார்த்தபோது

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு நாடகக் குழு தொடங்கினோம். மஞ்சக்குப்பத்தில் தை மாதம் முதல் நாடகத்தை மேடையேற்றுவது என்று முடிவானவுடன், ஒத்திகையைவிடக் குழுவின் பெயரே அதிக நேரம் எடுத்துக்கொண்டது. இறுதிச் சுற்றில் நான்கு பெயர்கள் நின்றன: ‘ஸ்ரீ பாடலீஸ்வரர் அமெச்சூர் நாடக சபா’, ‘ஒப்பனை’, ‘பாதிரிப்பூ’, ‘கெடிலம்’. பேசிக்கொண்டே இருந்தால் முடிவு கிடைக்காது என்பதால், நான்கையும் பதினைந்துக்கு இருபது அங்குலக் கிரவுன் தாளில் ஒரே கலரில் அச்சடித்து, அச்சகத்துக்கு எதிரே இருந்த சுவரில் ஒட்டிச் சாலையின் மறுபுறத்திலிருந்து படித்துப் பார்த்தோம். அவற்றையே பிட் நோட்டீஸ் அளவுக்குச் சுருக்கி இளஞ்சிவப்புத் தாளிலும் அடித்தோம்.

பெயர்ப்பலகை எழுதுகிறவர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு. ஓர் அங்குல உயரமுள்ள எழுத்தைப் பத்தடி தூரத்திலிருந்து சிரமமின்றிப் படிக்கலாம்; அதைவிடத் தொலைவிலிருந்து படிக்க வேண்டுமானால் எழுத்தும் அதே விகிதத்தில் வளர வேண்டும். தமிழில் இந்தக் கணக்கைப் போடும்போது எழுத்துகளின் எண்ணிக்கையைப் பார்க்கக் கூடாது, அவை தாளில் பிடிக்கும் கட்டங்களைப் பார்க்க வேண்டும். ‘கெ’ என்பது இலக்கணத்தில் ஓரெழுத்து. தாளிலோ கொம்புக்கு ஒரு கட்டம், ககரத்துக்கு ஒரு கட்டம் என இரண்டைப் பிடிக்கிறது. ‘பா’வும் இரண்டு, ‘னை’யும் இரண்டு, ‘கோ’ மூன்று. இப்படி எண்ணினால் ‘கெடிலம்’ ஐந்து கட்டம், ‘ஒப்பனை’யும் ஐந்து, ‘பாதிரிப்பூ’ ஆறு. பாதிரிப்பூவில் காலும் ரகரமும் ஒல்லியானவை என்பதால் அதுவும் ஏறக்குறைய ஐந்துக்குள் அடங்கிவிடும். ‘ஸ்ரீ பாடலீஸ்வரர் அமெச்சூர் நாடக சபா’ இருபத்திரண்டு கட்டங்களையும் நான்கு இடைவெளிகளையும் கேட்கிறது.

ஓரம் போக மீதமுள்ள பதின்மூன்று அங்குல அகலத்தில் சபாவின் பெயரை ஒரே வரியில் அமைத்தால் ஒரு கட்டத்துக்கு அரை அங்குலம் கிடைக்கிறது. எழுத்தின் உயரம் அதற்கும் சற்றுக் குறைவு. நான்கடி தூரத்தில் நின்றால்தான் படிக்க முடியும். சுவரொட்டிக்கு நான்கடியில் வந்து நிற்பவர், பெரும்பாலும் அதன்மேல் வேறொன்றை ஒட்ட வந்தவராகத்தான் இருப்பார். இரண்டு வரியாக மடித்தால் எழுத்து பெரிதாகும் என்பது உண்மை. ஆனால் அந்த இரண்டாவது வரி, நாடகத்தின் தலைப்புக்குச் சேர வேண்டிய இடத்திலிருந்து எடுக்கப்படுகிறது.

அந்தப் பெயரைச் சொன்னவர் எங்களில் மூத்தவர். அவர் மனத்தில் இருந்தது வேறொரு மரபு. 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் தொடங்கியது ‘சுகுண விலாச சபை’. 1918இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் அமைத்தது ‘தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை’. சுவாமிகள் 1922இல் நமக்குப் பக்கத்திலேயே, புதுச்சேரியில் காலமானவர். அந்தப் பெயர்களின் நீளம் ஒரு குறையாக யாருக்கும் படவில்லை, ஏனெனில் அதில் ஒரு மரியாதை இருந்தது. அறுபது ஆண்டு கழித்து 1977இல் ‘கூத்துப்பட்டறை’யும் 1978இல் ‘பரீக்ஷா’வும் வந்தபோது ஒரே சொல்லில் பெயர் வைக்கும் பழக்கம் நிலைபெறத் தொடங்கிவிட்டது. மூத்தவரின் பெயருக்கு நீளத்தைவிடப் பெரிய இடைஞ்சல் ஒன்றும் இருந்தது. ஊரின் பெரிய கோயிலின் சுவாமி பெயரோடு தொடங்கும் சுவரொட்டியைப் பார்க்கும் எவரும் அதை உற்சவ அறிவிப்பு என்றே எடுத்துக்கொள்வார்கள். எதிர்க்கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஒருவர், “எந்த மண்டபத்துல சார் அன்னதானம்?” என்று கேட்டார்.

‘ஒப்பனை’தான் இளையவர்களின் தேர்வு. சுவரில் அது மிக அழகாக நின்றது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒகரத்தின் வளைவும், அதையடுத்து இரண்டு பகரங்களின் சதுரமும், முடிவில் ‘னை’யின் சுழியும் சேர்ந்து ஒரு முத்திரைபோலத் தோன்றின. ஆனால் பெயருக்குக் கீழே கைப்பேசி எண்ணை அச்சடித்தவுடன் அது மணப்பெண் அலங்காரத்துக்கான விளம்பரமாக மாறிவிட்டது. முகூர்த்த மாதமான தையில் அந்த எண்ணுக்கு எத்தகைய அழைப்புகள் வரும் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. நாடகத்துக்குள் இருப்பவருக்கு மேடையைச் சுட்டும் சொல், வெளியே இருப்பவருக்கு வேறொரு கடையைச் சுட்டுகிறது. ‘அரிதாரம்’ என்று மாற்றலாம் என ஒருவர் சொன்னார். அந்தக் குழப்பம் அதில் குறைவுதான், ஆனால் அதற்குள் இளையவர்களுக்கே ஆர்வம் போய்விட்டது.

எஞ்சிய இரண்டுக்கும் இடையில்தான் உண்மையான போட்டி. பாதிரி எங்கள் கோயிலின் தலமரம்; ஊர்ப் பெயரே அதிலிருந்து வந்தது. பாடலீஸ்வரர் என்னும் பெயரில் உள்ள பாடலமும் அதே மரம்தான். ஆகவே ‘பாதிரிப்பூ’ என்று வைத்தால் மூத்தவரின் விருப்பமும் ஒருவகையில் நிறைவேறுகிறது. நான் முதலில் வாக்களித்தது இதற்கே. அதில் இரண்டு தொல்லைகள் தென்பட்டன. ஊரார் வாய் ஐந்தெழுத்தைச் சுமக்காது, ‘பாதிரி’ என்று வெட்டிவிடும். வெட்டியவுடன் அது கிறித்தவக் குருமாரைக் குறிக்கும் சொல்லாகிவிடும். புதுச்சேரியில் ஒரு நாள் நாடகம் போட்டால் அந்த மயக்கம் இன்னும் கூடும். இரண்டாவது தொல்லை இதைவிட ஆழமானது. திருப்பாதிரிப்புலியூர் என்ற பெயர் பேச்சில் திருப்பாப்புலியூர் என்று எப்போதோ சுருங்கிவிட்டது. சுருங்கும்போது காணாமற்போனது ‘பாதிரி’தான். மரத்தின் பெயரைத் தன் ஊரின் பெயரிலிருந்தே உதிர்த்துவிட்ட ஒருவருக்கு அந்தப் பூ எது என்று விளக்க வேண்டியிருக்கிறது. நோட்டீஸைக் கையில் பிடித்திருப்பவருக்குப் பெயரின் கீழே ஒரு சிறு வரியில் விளக்கிவிடலாம். மிதிவண்டியில் போகிறவருக்குச் சுவர் விளக்கம் சொல்லாது.

கெடிலம் எங்கள் ஊர் ஆறு, அதற்கு விளக்கம் தேவையில்லை. அதைத் தாண்டாமல் கடலூரில் பலருக்கு ஒரு நாள் கழிவதில்லை. அந்தப் பெயரைச் சுருக்கவும் முடியாது, தொலைபேசியில் சொன்னால் மாற்றிக் கேட்கவும் மாட்டார்கள். அதன் குறை பருவத்தைச் சார்ந்தது: ஐப்பசி, கார்த்திகையில் ‘கெடிலம்’ என்று பெரிய எழுத்தில் ஏதாவது கண்ணில் பட்டால் வெள்ள எச்சரிக்கையோ என்று நெஞ்சு பதறும். தையில் அந்தக் கவலை இல்லை. மழைக்காலத்தில் நாடகம் போட்டால் ‘நாடகக் குழு’ என்ற சொற்களைச் சற்றுப் பெரிதாக்கிக்கொள்ள வேண்டியதுதான். அந்தச் சொற்களை ‘நாடக மன்றம்’ என்று மாற்றலாமா என்றும் பார்த்தோம். ‘நாடகக் குழு’வில் ககரம் மூன்று முறை அடுத்தடுத்து வருவதால் சிறிய எழுத்தில் மை ஒன்றோடொன்று கலக்கிறது, வரி மடிந்தால் ‘க்’ அந்தரத்தில் தொங்குகிறது. இருந்தும், மன்றம் என்றவுடன் எங்களூரில் நினைவுக்கு வருவது ரசிகர் மன்றமே என்பதால் குழுவையே வைத்துக்கொண்டோம். இரண்டு சொற்களும் ஒரே வரியில் வருமாறு பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டோம்.

அச்சில் கெடிலத்துக்கு ஒரு தனிப் பிரச்சினை உண்டு. எழுத்துகளை அகல விரித்து வரியை நிரப்பும்படி டிடிபி போடுகிறவரிடம் சொன்னால், பழைய வகை ஃபான்டுகளில் கொம்பும் ஒரு தனி எழுத்தாகவே எண்ணப்படுவதால், அது ககரத்தை விட்டு விலகி நிற்கும். முதல் படியில் எங்களுக்கு அப்படித்தான் வந்தது. கொம்பையும் ககரத்தையும் மட்டும் கையால் நெருக்கி வைத்தால் சரியாகிவிடும். ஆனால் கவனிக்கிறவர் இருக்க வேண்டும். புள்ளியைப் பொறுத்தவரை இந்தப் பெயர் பத்திரமானது. மெல்லிய நோட்டீஸ் தாளில் மை பரவி இறுதிப் புள்ளி அடைபட்டாலும் ‘கெடிலம’ என்பதை எவரும் சரியாகவே படிப்பார்கள். எல்லாச் சொல்லும் அப்படியல்ல. ‘கல்வி’யில் புள்ளி விழாமற்போனால் என்ன ஆகும் என்பது அச்சகத்தார் அனைவரும் அறிந்த கதை.

இவ்வளவுக்கும் பிறகு, குழுவின் பெயர் தனியாகச் சுவரில் நிற்கப் போவதில்லை. அதன் கீழே நாடகத்தின் தலைப்பு வருகிறது. கண்ணை இழுக்க வேண்டியது அதுவே. எங்கள் நாடகம் வட்டிக்கு வாங்கி மீளாத ஒரு குடும்பத்தைப் பற்றியது. ‘மூன்றாவது தவணை’ என்று பெயரிட்டிருந்தோம். இதை ஒரே வரியில் அமைத்தால் எழுத்தின் உயரம் ஓர் அங்குலத்தை ஒட்டியே நிற்கிறது. ‘மூன்றாவது’ என்பதைச் சிறியதாக மேலே வைத்து, ‘தவணை’யை மட்டும் அகலம் முழுவதும் விரித்தால் இரண்டரை அங்குலம் வரை வளர்கிறது, சாலையைக் கடந்து இருபத்தைந்து அடியிலிருந்து படிக்கலாம். அப்படி விரித்ததும் வேறொன்று நேர்ந்தது. அச்சகத்துக்கு வந்த ஒரு பெண்மணி அதைப் பார்த்துவிட்டு, எந்த ஃபைனான்ஸ் என்று விசாரித்தார். ஆகவே ‘மேடை நாடகம்’ என்ற இரு சொற்களைத் தலைப்பை ஒட்டி ஒரு கறுப்புப் பட்டையில் வெள்ளையெழுத்தாக வைத்தோம். ‘ஒப்பனை’யோ ‘பாதிரிப்பூ’வோ மேலே இருந்திருந்தால், எது குழு, எது நாடகம் என்ற ஐயமும் சேர்ந்திருக்கும், ‘பாதிரிப்பூ’ என்பது நாடகத் தலைப்பாகவே ஒலிக்கிறது. ஆற்றின் பெயர் மேலேயும் பணத்தின் பெயர் நடுவிலும் இருக்கும்போது அந்த ஐயம் எழவில்லை. குழுப் பெயருக்குத் தாளின் அரை அகலமே போதுமானதாக இருந்தது. ஓர் அங்குல உயரம், பத்தடிப் பார்வை.

கடைசியில் அச்சுக்குப் போன படி இது: உச்சியில் மிகச் சிறிய எழுத்தில் ‘ஸ்ரீ பாடலீஸ்வரர் துணை’, அதன் கீழே அரை அகலத்தில் ‘கெடிலம் நாடகக் குழு, கடலூர்’, அதன் இடப்புறம் ஒரு பாதிரிப்பூவின் கோட்டோவியம், நடுவில் தலைப்பு. மூத்தவர் படியை வாங்கிப் பார்த்துவிட்டு, பூவின் இதழ் ஐந்தா என்று எண்ணிச் சரிபார்த்துத் திருப்பிக் கொடுத்தார்.