குன்னூர் பழைய வீடு: நியாய வாடகையா, ஒப்பந்த வாடகையா?

குன்னூரில் என் அத்தை குடியிருக்கும் தகரக்கூரை வீட்டுக்கு மாத வாடகை 2,500 ரூபாய். மாமா இருந்தபோது வாய்ப்பேச்சில் பிடித்த வீடு, 31 வருடம் ஆகிறது. வீட்டுக்காரர் இறந்த பிறகு கோயம்புத்தூரிலிருந்து அவர் மகன் வந்தார். "எட்டாயிரம் கொடுங்க, இல்லேன்னா காலி பண்ணிடுங்கம்மா" என்றார். அத்தை கலங்கவில்லை. "கோர்ட்டுக்குப் போனா நியாய வாடகைதானே போடுவாங்க? இத்தனை வருஷம் இருந்தவளை யாரு கிளப்புறது?" என்றார்.

இரண்டு நம்பிக்கையும் 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் காலத்தவை. அதிலும் முதலாவது அப்போதே பாதிதான் உண்மை. நியாய வாடகை என்றால் குறைந்த வாடகை என்று பலர் நினைக்கிறார்கள். அந்தச் சட்டத்தில் அது வெறும் கணக்கு: மனையின் மதிப்பு, தேய்மானம் போன கட்டட மதிப்பு, வசதிகளின் மதிப்பு மூன்றையும் கூட்டி, குடியிருப்புக்கு அதில் ஆண்டுக்கு 9 சதவீதம். கடைகளுக்கு 12. மனையின் மதிப்பு மனு போட்ட நாளின் சந்தை விலையில்தான் எடுக்கப்படும்.

அத்தை வீட்டுக்கே போட்டுப் பார்த்தோம். வீடு 600 சதுர அடி. சுற்றிலும் தோட்டம் இருந்தாலும், கட்டடம் நிற்கும் இடத்தோடு அதில் பாதி அளவு காலியிடம்தான் மனையாகக் கணக்கில் வரும், அதாவது 900 சதுர அடி. மீதித் தோட்டம் 'வசதி' என்ற தலைப்புக்குள் போய்விடும்; வீடுகளுக்கு அதன் உச்சவரம்பு 15 சதவீதம். சதுர அடி 1,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மனை 13,50,000. மண்சுவரும் பலகைத் தரையுமான பழைய கட்டடம், தேய்மானம் போக 2,00,000. வசதிகளுக்கு 10 சதவீதம் என்றால் 1,55,000. மொத்தம் 17,05,000. அதில் 9 சதவீதத்தை 12-ஆல் வகுத்தால் மாதம் ஏறக்குறைய 12,800 ரூபாய்! அத்தை கால்குலேட்டரை வாங்கி மறுபடியும் போட்டார். அதேதான் வந்தது. கூரை ஒழுகினாலும் கட்டட மதிப்புதான் குறையும். மலையூரில் மனை விலை வாடகையைத் தூக்கிவிடும்.

பழைய சட்டத்தின் பலம் வேறு இடத்தில் இருந்தது. வேண்டுமென்றே பாக்கி வைத்தது, உள்வாடகைக்கு விட்டது, சொந்தக் குடியிருப்புக்குத் தேவை, இடித்துக் கட்டுவது என்று சட்டம் சொன்ன காரணம் ஒன்றை வீட்டுக்காரர் நிரூபிக்க வேண்டும். ஒப்பந்தக் காலம் முடிந்தது என்று மட்டும் சொல்லிக் கிளப்ப முடியாது. குடியிருந்தவர் இறந்தாலும் கூடவே வாழ்ந்த மனைவி, பிள்ளைகளுக்கு அந்தப் பாதுகாப்பு தொடர்ந்தது.

2019 பிப்ரவரி 22 முதல் அந்தச் சட்டம் இல்லை. அதற்கு முன் போட்ட வழக்குகள் மட்டும் அதன்படி நடக்கும். இப்போது இருப்பது 2017-ஆம் ஆண்டுச் சட்டம். இதில் 9 சதவீதக் கணக்கு கிடையாது. இருவரும் ஒப்புக்கொண்டதே வாடகை. உயர்வில் தகராறு வந்தால் வாடகை அதிகாரியிடம் இருவரில் யார் வேண்டுமானாலும் மனு கொடுக்கலாம். ஆனால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். பழைய வாய்ப்பேச்சுக் குடித்தனங்களுக்கும் எழுதிக்கொள்ளக் கெடு கொடுத்தார்கள். அது எப்போதோ முடிந்துவிட்டது. எழுதத் தவறியதே காலி செய்ய வைக்க ஒரு காரணம். எந்தப் பக்கம் மறுத்தது என்று அந்தப் பிரிவு பிரித்துப் பார்க்கவில்லை. அத்தையின் 31 வருடம் இங்கே எடுபடாது. பன்னிரண்டு வருடம் இருந்தால் வீடு நமக்கே என்பதும் வாடகைக்கு இருப்பவருக்குப் பொருந்தாது. ஒவ்வொரு ரசீதும் அது அடுத்தவர் வீடு என்பதற்குச் சாட்சி.

அத்தை முன்னால் இரண்டு வழி. 2,500-ஐயே கொடுத்துக்கொண்டு அசையாமல் இருக்கலாம். வழக்கு நடக்கும்வரை வீடு இருக்கும். ஆனால் கையில் காகிதம் இல்லாதவர் அவர்தான். அல்லது பேரம் பேசி எழுதிக்கொள்ளலாம். நான் இரண்டாவதைத்தான் சொன்னேன். வழக்கமான 11 மாத ஒப்பந்தம் வேண்டாம், மூன்று வருடத்துக்கு எழுதுங்கள் என்றேன். ஓராண்டுக்கு மேல் போனால் சார்பதிவாளர் அலுவலகப் பதிவும் முத்திரைக் கட்டணமும் உண்டு. அந்தச் செலவு தகும், ஏனென்றால் புதிய சட்டத்தில் பாதுகாப்பு ஒப்பந்தக் காலத்தோடு ஒட்டியது. அத்தைக்கு ஏதாவது ஆனாலும் மீதிக் காலத்துக்கு வாரிசுக்கு அதே உரிமை உண்டு. வருடா வருடம் எவ்வளவு ஏறும், கூரைத் தகரம் மாற்றுவது யார் செலவு என்பதையும் அதிலேயே எழுதி, tenancy.tn.gov.in வழியாகப் பதிய வேண்டும்.

மகன் 6,000-க்கு இறங்கியிருக்கிறார். கையெழுத்தாகும்வரை வாடகையை ஒரு மாதம்கூட நிறுத்தாதீர்கள், அவர் வாங்க மறுத்தால் மணியார்டரில் அனுப்பி ரசீதை வையுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். இரண்டு மாதம் தொடர்ந்து மறுத்தால் வாடகை அதிகாரியிடமே கட்டலாம். அத்தை பழைய ரசீதுகளையெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் வருடவாரியாக அடுக்கிக்கொண்டிருக்கிறார்.