ஒயில் விளக்கு எரிந்தால்: சுவிட்ச் பழுதா, அழுத்தம் உண்மையிலேயே குறைவா?

கம்பளையிலிருந்து புசல்லாவை, இறம்பொடை வழியாக ஏறிவந்த பழைய டீசல் வேன் ஒன்று லபுக்கலையில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது டேஷ்போர்டில் சிவப்பு ஒயில் விளக்கு மினுங்குகிறது. அக்சிலேட்டரை இலேசாக மிதித்தால் அணைந்துவிடுகிறது. டிப்ஸ்டிக்கில் ஒயில் அளவு சரியாக இருக்கிறது. "சுவிட்ச்தான் போயிருக்கும், ஓட்டலாம்" என்று யாராவது சொல்வார்கள். அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அதுவரை கண்டதில் எதுவும் அதை நிரூபிக்கவில்லை.

ஒற்றை வயர் கொண்ட ஒயில் சுவிட்சின் வேலை எளியது. அழுத்தம் இல்லாதபோது அது தன் உடல் வழியாக வயரை எர்த் செய்து விளக்கை எரியவைக்கும். அழுத்தம் ஏறத்தாழ 0.3 பாரைத் தாண்டியதும் தொடர்பைத் துண்டிக்கும். இந்த எல்லை வண்டிக்கு வண்டி சற்று மாறும். பழைய டொயோட்டா டீசல் எஞ்சின்கள் பலவற்றுக்குச் சூடான நிலையில், ஐடிலில் குறைந்தது 0.3 கிலோ அழுத்தமும் (ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு), நிமிடத்துக்கு 3000 சுற்றில் 2.5 முதல் 6 கிலோ வரையும் இருக்கவேண்டும். ஒரு கிலோ ஏறத்தாழ ஒரு பார்தான். ஆகவே 3000 சுற்றில் 0.8 பார் மட்டுமே இருக்கும் எஞ்சினிலும் விளக்கு அணைந்தே இருக்கும். மிதித்தவுடன் விளக்கு அணைவதை ஆறுதலாக எடுத்துக்கொள்வது இதனால்தான் தவறு.

சில அறிகுறிகள் ஒரு பக்கம் சாய்கின்றன. இரவு முழுதும் நின்ற வண்டியைக் காலைக் குளிரில் ஸ்டார்ட் செய்த பிறகும், வேகம் கூட்டினாலும் குறைத்தாலும் விளக்கு ஒரே சீராக எரிந்தால், சுவிட்ச் அல்லது வயரின் மீது சந்தேகம் கூடும். கெட்டியான குளிர் ஒயிலில் அழுத்தம் உயர்ந்தே இருக்கவேண்டும். பம்ப் முற்றாகச் செயலிழந்தாலும் இதே காட்சிதான் தெரியும் என்பதால், உறுதிப்படுத்தும்வரை எஞ்சினை நிறுத்திவிடவேண்டும். சுவிட்சின் வயர் முனையில் ஒயில் கசிந்திருந்தால் அதன் உள் தகடு கிழிந்திருக்கக்கூடும். மாறாக, நீண்ட ஏற்றத்துக்குப் பின் சூட்டில் மட்டும், அதுவும் ஐடிலில் மட்டும் மினுங்கினால், பெயரிங் தேய்வு, மிகை அழுத்தத்தை வெளியேற்றும் ரிலீஃப் வால்வு திறந்தபடி சிக்கியிருத்தல், டீசல் கலந்து நீர்த்த ஒயில் ஆகியவற்றை நினைக்கவேண்டும். லபுக்கலை வேன் இந்த இரண்டாம் வகை. எனினும் ஸ்பிரிங் தளர்ந்த சுவிட்சும் இதே கோலத்தைக் காட்டும்.

வயரைக் கழற்றிப் பார்ப்பது பலரும் செய்யும் சோதனை. கழற்றியும் விளக்கு எரிந்தால் வயர் எங்கோ எர்த் ஆகியிருக்கிறது. அணைந்தால் வயர் நல்லது என்பது மட்டுமே தெரியும், அழுத்தத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. புதிய சுவிட்ச் போட்டுப் பார்ப்பதும் என் கணிப்பில் அரைகுறைச் சோதனைதான். புதியது இன்னும் குறைந்த அழுத்தத்திலேயே விளக்கை அணைக்கும் வகையாக இருந்தால், நோய் மறைந்து எஞ்சின் தேய்ந்துகொண்டே போகும்.

முடிவு சொல்வது மெக்கானிக்கல் கேஜ். எஞ்சினை நிறுத்திச் சுவிட்சைக் கழற்றி, அந்தத் துளையில் கேஜின் குழாயைப் பொருத்தவேண்டும். ஜப்பானிய வண்டிகளில் பெரும்பாலும் அங்குலத்துக்கு 28 புரி. அமெரிக்க அளவு அடாப்டரில் 27. இரண்டு சுற்று கையால் ஏறிவிடும் என்பதால் ஏமாந்து ஸ்பானரால் இறுக்கினால் புரி கெடும். குழாய் எக்ஸோஸ்டைத் தொடாமல் இருக்கவேண்டும். வெடித்தால் சூடான இரும்பில் ஒயில் பீய்ச்சித் தீப்பற்றும். கேஜைக் கட்டிக்கொண்டு பயணம் போகவும் கூடாது. எஞ்சின் முழுச் சூடு அடைந்த பிறகே வாசிக்கவேண்டும், ஏனெனில் நுவரெலியாக் குளிரில் தேய்ந்த எஞ்சினும் முதல் சில நிமிடங்களுக்கு நல்ல எண்ணைக் காட்டும்.

நம் வேனில் சூடான ஐடிலில் 0.9, 3000 சுற்றில் 3.6 பார் காட்டினால் சுவிட்ச்தான் குற்றவாளி; ஓட்டலாம். ஐடிலில் 0.2, 3000 சுற்றில் 1.1 என்றால் குறை உண்மையானது. டக் டக் சத்தம் கேட்கவில்லை என்றாலும் ஓட்டக்கூடாது, ஏனெனில் பெயரிங் சேதமான பிறகே அந்தச் சத்தம் வரும். முள் மிக மெதுவாக ஏறினால் துளையில் கசடு அடைத்திருக்கலாம். சுத்தம் செய்து மறுபடி பார்க்கவேண்டும்.

"இறக்கம்தானே, எஞ்சினை நிறுத்திவிட்டு உருட்டிக்கொண்டு போவோம்" என்பது மலைநாட்டில் கேட்கும் மிக ஆபத்தான யோசனை. எஞ்சின் நின்றால் பிரேக்குக்கு உதவும் வெக்யூம் உருவாகாது. சில மிதிகளிலேயே பிரேக் கல்லாகிவிடும், பவர் ஸ்டியரிங்கும் போய்விடும். வேனைக் கயிற்றால் கட்டியிழுத்துப் போவதும் அதே காரணத்தால் இந்த வளைவுகளுக்கு ஏற்றதல்ல. லொறியில் ஏற்றிச் செல்வதே வழி.

சுவிட்ச்தான் பழுது என்று தெளிந்தால், அந்த வண்டிக்குரியதையே வாங்கிப் பொருத்தவேண்டும். புரி முழுதும் டெஃப்லான் டேப்பைச் சுற்றிவிட்டால் எர்த் கிடைக்காமல் விளக்கு எரியாமலே போகக்கூடும். ஆகவே சாவியைத் திருப்பியதும் எரிந்து, எஞ்சின் ஓடியதும் அணைகிறதா என்று பார்த்த பிறகே வண்டியை எடுக்கவேண்டும்.