வேதியியல் செய்முறை ஸ்லைடுகளை ஆய்வகக் கையேடாக மாற்றிய அனுபவம்: பெர்மாங்கனேட் தரம்பார்த்தலை முன்வைத்து

கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்குச் செய்முறை வகுப்பு எடுப்பவள் நான். எங்கள் துறையில் ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு பவர்பாயிண்ட் பைல் உண்டு. அதைத் திரையில் காட்டி விளக்கிவிட்டு மாணவர்களை ஆய்வகத்துக்குள் அனுப்புவது வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் அந்த ஸ்லைடுகளை ஒவ்வொன்றாகக் கையேடாக மாற்றத் தொடங்கினேன். அந்தக் கையேடுகளை வைத்தே இன்றுவரை வகுப்பு நடக்கிறது. இந்த வேலையை எடுத்துச் செய்ய நினைப்பவர்களுக்காக, ஒரே ஒரு சோதனையை மட்டும் எடுத்து விரிவாகச் சொல்கிறேன்: ஆக்சாலிக் அமிலத்தைக் கொண்டு பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின் திறனைக் கண்டறிதல்.

அந்தச் சோதனைக்கான ஸ்லைடில் செய்முறை என்று இருந்தது இவ்வளவுதான்: 20 மி.லி. ஆக்சாலிக் அமிலத்தைப் பிப்பெட்டில் எடு, சம அளவு நீர்த்த கந்தக அமிலம் சேர், 60–70 °C வரை சூடாக்கு, பெர்மாங்கனேட்டால் தரம் பார், இளஞ்சிவப்பு நிலைத்தால் முடிவு. பேசிக் காட்டுவதற்கு இது போதும், ஏனென்றால் இடையில் விட்டுப்போனதையெல்லாம் ஆசிரியர் வாயால் நிரப்பிவிடுவார். ஆய்வக மேசையில் தனியாக நிற்கும் மாணவிக்கு இது போதாது. கையேடு எழுதுவது என்பது அந்த வாய்மொழியை ஒன்று விடாமல் தாளில் கொண்டுவரும் வேலை.

முதலில் பைலிலிருந்து எழுத்தை வெளியே எடுப்பதைப் பற்றி. பவர்பாயிண்டில் File > Export > Create Handouts வழியாக வேர்டுக்கு அனுப்பலாம். ஸ்லைடுக்குக் கீழே நோட்ஸ் பகுதியில் ஆசிரியர் எழுதி வைத்திருந்தால் அதையும் சேர்த்து எடுங்கள். கையேட்டுக்கு உதவும் செய்தி பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும். Outline only என்று தேர்ந்தால் தனி டெக்ஸ்ட் பாக்ஸில் தட்டியவை வராது. எங்கள் ஸ்லைடில் ‘எச்சரிக்கை’ என்று சிவப்பில் இருந்தவை எல்லாமே டெக்ஸ்ட் பாக்ஸ்கள். எடுத்த எழுத்தைத் திரையோடு ஒப்பிடாமல் விட்டால், காணாமல் போவது பாதுகாப்புக் குறிப்புதான்.

இதைவிட ஆபத்தானது மேற்குறி, கீழ்க்குறி. வெறும் எழுத்தாக ஒட்டும்போது வடிவமைப்பு கழன்றுவிடும். கீழ்க்குறி போனாலும் H2SO4 என்பதை யாரும் படித்துக்கொள்வார்கள். ஆனால் பலர் டிகிரி குறிக்குப் பதிலாகச் சுழியத்தைத் தட்டி மேலே ஏற்றி வைத்திருப்பார்கள். அது கீழே இறங்கினால் 60 டிகிரி 600C ஆகிவிடும். 10-ன் அடுக்கு எதிர் 3 என்பது 10-3 என்று நிற்கும். அதனால் எண் வரும் ஒவ்வொரு இடத்தையும் கையால் மறுபடி தட்டுவதே என் வழக்கம். பழைய தமிழ் எழுத்துருவில் செய்த ஸ்லைடுகளை யூனிகோடுக்கு மாற்றும்போது ஆங்கில வாய்பாடுகளும் சேர்ந்து மாறிச் சிதையும். அவற்றையும் இதே முறையில் சரிசெய்தேன்.

அடுத்தது பொருட்பட்டியல். ஸ்லைடில் பொருள்களின் பெயர் மட்டும் இருக்கும். கையேட்டில் இரண்டு பட்டியல் வேண்டும் என்பது எனக்குப் பழகப் பழகத்தான் புரிந்தது. ஒன்று மாணவரின் மேசைக்கு, மற்றொன்று முதல் நாளே கரைசல் தயாரிக்கும் ஆய்வக உதவியாளருக்கு. ஒரு மாணவர் பியூரெட்டை இரண்டு முறை கழுவ 20 மி.லி., முதலில் 50 மி.லி. நிரப்ப, பிறகு மீண்டும் ஒருமுறை நிரப்ப என்று கணக்கிட்டால் பெர்மாங்கனேட் 120 மி.லி. ஆகிறது. தாராளமாக 150 என்று வைத்தால் 30 பேருக்கு 4.5 லிட்டர். 0.1 N கரைசலுக்கு லிட்டருக்கு 3.2 கிராம் வீதம் 14.4 கிராம் எடுக்க வேண்டும். ஆக்சாலிக் அமிலம் தலைக்கு 100 மி.லி. என்றால் 3 லிட்டர், லிட்டருக்கு 6.3 கிராம் வீதம் 18.9 கிராம். 2 N கந்தக அமிலம் 2 லிட்டர் தேவை. அதற்கு அடர் அமிலம் சுமார் 112 மி.லி. இந்தக் கணக்கைக் கையேட்டின் தயாரிப்புப் பக்கத்தில் அச்சிட்ட பிறகு, வகுப்பின் நடுவில் கரைசல் தீர்ந்து புதிதாகக் கலக்கும் நிலை வருவதில்லை. நடுவில் கலந்தால் இரண்டு கரைசலின் திறனும் ஒன்றாக இருக்காது. அளவீடுகள் பாதி வகுப்புக்கு ஒரு மாதிரியும் மீதிக்கு வேறு மாதிரியும் வரும்.

அதே பக்கத்தில் தயாரிக்கும் முறையும் வர வேண்டும். பெர்மாங்கனேட்டைக் கரைத்துக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, கண்ணாடிப் பஞ்சு வழியாக வடிகட்டிப் பழுப்புப் புட்டியில் ஊற்ற வேண்டும். சாதாரண வடிதாள் ஆகாது, தாளையே அது ஆக்சிஜனேற்றும். வடிகட்டாமல் விட்டால் கரைசலில் மிதக்கும் மாங்கனீசு டை ஆக்சைடு மீதிப் பெர்மாங்கனேட்டையும் சிதைத்துக்கொண்டே இருக்கும். அடர் கந்தக அமிலத்தை நீரில்தான் ஊற்ற வேண்டும், அமிலத்தில் நீரை ஊற்றக் கூடாது என்ற வரியும் இங்கே, இந்தப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். மாணவர் தொடுவது நீர்த்த அமிலத்தை. அடர் அமிலத்தைத் தொடுபவர் உதவியாளர். எச்சரிக்கை அவர் கண்ணில் பட வேண்டும்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். ஸ்லைடுகளில் பாதுகாப்புக் குறிப்புகள் கடைசியில் ஒரே பக்கத்தில் குவிந்திருக்கும்: மேலங்கி அணி, கண்ணாடி போடு, கவனமாக இரு. அதை அப்படியே கையேட்டுக்கு எடுத்துவந்தால் யாரும் படிப்பதில்லை. நான் ஒவ்வொரு எச்சரிக்கையையும் உடைத்து, ஆபத்து வரும் படிக்கு ஒரு வரி முன்னால் வைத்தேன். ‘பிப்பெட்டில் எடு’ என்பதற்கு முன்: ஆக்சாலிக் அமிலம் நச்சு, வாயால் உறிஞ்சாதே, ரப்பர் பல்பு பயன்படுத்து. ‘பியூரெட்டை நிரப்பு’ என்பதற்கு முன்: பியூரெட்டின் வாய் கண்ணுக்குக் கீழே வரும்படி தாங்கியில் இறக்கு. ‘அடுப்பிலிருந்து எடு’ என்பதற்கு முன்: குடுவையின் கழுத்தை மடித்த தாளால் சுற்றிப் பிடி. எச்சரிக்கைக்குப் பின்னால் காரணத்தையும் ஒரு சொல்லிலாவது எழுதினேன். காரணம் தெரிந்தால் பிள்ளைகள் கேட்கிறார்கள்.

சூடாக்கும் படியில்தான் நிறையத் திருத்தம் செய்திருக்கிறேன். பழைய கையேடுகளில் ‘கை பொறுக்கும் சூடு’ என்று எழுதும் வழக்கம் உண்டு. ஒருவர் கை பொறுப்பது இன்னொருவர் கை பொறுக்காது. இப்போது கையேட்டில் இப்படி இருக்கிறது: வெப்பமானி 70 °C காட்டியதும் அடுப்பிலிருந்து எடு, வெப்பமானியில் ஒட்டியதைக் கழுவுபுட்டி நீரால் குடுவைக்குள்ளேயே கழுவிவிட்டு வெளியே எடு, உடனே தரம்பார்க்கத் தொடங்கு, ஆறி 60-க்குக் கீழே போனால் மீண்டும் சூடாக்கு, கொதிக்க விடாதே. கொதித்தால் ஆக்சாலிக் அமிலத்தில் ஒரு பகுதி சிதைந்து அளவீடு குறையும்.

மாணவர் தடுமாறும் இடம் முதல் சொட்டு. பெர்மாங்கனேட் விழுந்ததும் சிவப்பு உடனே மறையாது, சில விநாடி நிற்கும். வினையை வேகப்படுத்துவது அந்த வினையிலேயே உண்டாகும் மாங்கனசு அயனி. தொடக்கத்தில் அது இல்லை. ஸ்லைடில் ‘இளஞ்சிவப்பு நிலைத்தால் முடிவு’ என்று மட்டும் படித்தவர், 0.2 மி.லி.யிலேயே குழாயை மூடிவிட்டு, “மேடம், முடிஞ்சிருச்சு” என்று கூப்பிடுவார். கையேட்டில் அந்தப் படியை இரண்டாகப் பிரித்தேன். முதல் சொட்டை விட்டுக் குடுவையைச் சுழற்று, நிறம் முழுதும் மறையும்வரை அடுத்த சொட்டு விடாதே. பிறகு நிறம் உடனுக்குடன் மறையும், அப்போது தொடர்ந்து விடலாம். முடிவு நிலை என்பது கடைசிச் சொட்டின் வெளிர் நிறம் 30 விநாடி நிற்பது. அதற்குப் பிறகு நிறம் மெல்ல மங்கினால் பொருட்படுத்த வேண்டாம்.

அளவீடு எடுப்பதிலும் ஸ்லைடு சொல்லாதது ஒன்று உண்டு. கரைசல் அடர்நிறம் என்பதால் கீழ்ப்பிறை தெரியாது. தொடக்கம், முடிவு இரண்டையும் மேல்மட்டத்தில் படிக்க வேண்டும். பியூரெட்டுக்குக் கண்ணாடிக் குழாய் இருக்க வேண்டும், ரப்பர்க் குழாயும் கிளிப்பும் உள்ளதை பெர்மாங்கனேட் அரித்துவிடும். மாதிரிக் கணக்கையும் எண்ணோடு அச்சிட்டேன். 20 மி.லி. 0.1 N ஆக்சாலிக் அமிலத்துக்கு 20.4 மி.லி. பெர்மாங்கனேட் ஆனால், திறன் 20 × 0.1 ÷ 20.4 = 0.098 N.

குடுவையில் பழுப்புக் கலங்கல் வந்தால் என்ன செய்வது என்று தனியாக ஒரு கட்டம் வைத்தேன். கந்தக அமிலம் சேர்க்க மறந்திருக்கலாம், வேகமாக விட்டிருக்கலாம், கரைசல் ஆறியிருக்கலாம். மூன்றிலும் உண்டாவது மாங்கனீசு டை ஆக்சைடு. அந்தக் குடுவையை ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும். அமிலம் கைக்கு எட்டவில்லை என்று பக்கத்திலிருக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றிவிடக் கூடாது என்பதும் அங்கேயே உண்டு. குளோரைடையும் பெர்மாங்கனேட் ஆக்சிஜனேற்றிக் குளோரின் வாயுவை உண்டாக்கும், அளவீடும் கூடிவிடும்.

ஸ்லைடுகளில் அறவே இல்லாத பகுதி, சோதனை முடிந்த பிறகு செய்ய வேண்டியது. மிஞ்சிய பெர்மாங்கனேட்டைத் தொட்டியில் கொட்டாமல் ஒரு பீக்கரில் சேர்த்து, கந்தக அமிலமும் மிஞ்சிய ஆக்சாலிக் அமிலமும் சிறுகச் சிறுகச் சேர்த்து நிறம் போன பிறகே அப்புறப்படுத்தச் சொல்கிறோம். வினையில் கார்பன் டை ஆக்சைடு பொங்கும், அதனால் பீக்கர் பாதிக்கு மேல் நிரம்பக் கூடாது. திடப் பெர்மாங்கனேட் இருக்கும் மேசையில் அடர் கந்தக அமிலமோ கிளிசரினோ வைப்பதில்லை. முதலாவதோடு சேர்ந்தால் வெடிக்கக்கூடிய ஆக்சைடு உருவாகும், இரண்டாவதோடு சேர்ந்தால் தானாகத் தீப்பற்றும்.

எழுதி முடித்த கையேட்டைச் சரிபார்க்க நான் கண்ட நல்ல வழி, விளக்க வகுப்புக்கு வராத ஒரு மாணவியிடம் அதைக் கொடுத்துவிட்டு வாய் திறக்காமல் பார்ப்பது. அவள் எந்த வரியில் நின்று திரும்பிப் பார்க்கிறாளோ அந்த வரியைத் திருத்தினால் போதும். ‘கழுவிவிட்டு’ என்ற சொல்லில் நின்றாள் ஒருத்தி. எதால் கழுவுவது? பியூரெட்டையும் பிப்பெட்டையும் அதில் ஊற்றப்போகும் கரைசலாலேயே, கூம்புக் குடுவையைக் காய்ச்சி வடித்த நீரால் மட்டும் என்று இப்போது எழுதியிருக்கிறது.

எல்லாப் பருமனறி சோதனைகளுக்கும் இந்த முறை பொருந்துகிறது. உப்புப் பகுப்பாய்வுக்கு மட்டும் பொருந்தவில்லை. அதில் ஒவ்வொரு விடையும் வேறொரு பாதைக்குக் கொண்டுபோவதால், வரிசையாகப் படிகள் எழுதினால் மாணவர் பக்கம் புரட்டியே களைத்துப்போகிறார். அதற்கு மட்டும் கையேட்டை விட்டுவிட்டு, சோதனை, காண்பது, அடுத்துப் போக வேண்டிய எண் என்று மூன்று பத்தி கொண்ட அட்டையாக மாற்றி லேமினேட் செய்து மேசைக்கு ஒன்று வைத்திருக்கிறோம்.