கோட்டுவாத்தியம் என்று நம்பி, மெட்டு கழற்றிய வீணையை வாங்கினேன்

என் பாட்டியின் பழைய புகைப்படம் ஒன்றை வைத்துக்கொண்டு இசைக்கருவி வாங்கப் போய், 42,000 ரூபாய்க்கு ஏமாந்த கதையை இங்கே எழுதுகிறேன். வீட்டில் இருக்கும் பழைய படத்தைப் பார்த்து, அதில் உள்ள கருவியைத் தாமும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறவர்கள், பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

படம் 1950-களின் நடுப்பகுதியில் எடுக்கப்பட்டது. பாட்டிக்கு அப்போது இருபது வயதுக்குள்தான் இருக்கும். கோரைப்பாயில் அமர்ந்திருக்கிறார், அவருக்கு முன்னால் வீணையைப் போன்ற ஒரு நீண்ட கருவி தரையில் கிடக்கிறது. எங்கள் வீட்டில் எல்லோரும் அதை வீணை என்றே சொல்லி வந்தோம். அம்மாவுக்கும் வேறு எதுவும் தெரியவில்லை. பாட்டி திருமணத்துக்குப் பிறகு வாசிக்கவில்லை என்பதும், கருவி எப்போதோ கைமாறிவிட்டது என்பதும் மட்டுமே அவருக்கு நினைவிருந்தது.

இசையில் எந்தப் பயிற்சியும் இல்லாத நான், பாட்டி வாசித்ததையே கற்க வேண்டும் என்ற ஆசையில், பழைய கருவிகளைச் செப்பனிட்டு விற்பதாகச் சொன்ன ஒருவருக்கு அந்தப் படத்தை வாட்ஸப்பில் அனுப்பினேன். அவர் சில நிமிடங்களில் பதில் சொன்னார்: "இது வீணை இல்லைங்க, கோட்டுவாத்தியம். இதே மாதிரி ஒன்று என்னிடம் இருக்கிறது. இந்தக் காலத்தில் கிடைக்கவே கிடைக்காது." வீட்டில் யாருமே கண்டுபிடிக்காததை அவர் கண்டுபிடித்துவிட்டார் என்ற வியப்பில், அவர் அடுத்துச் சொன்ன எல்லாவற்றையும் நான் நம்பினேன். படத்தைப் பற்றி அவர் சொன்னது முழு உண்மை. விற்ற பொருளைப் பற்றிச் சொன்னதுதான் பொய்.

அவர் சரியாகச் சொன்னது எப்படி என்பதை முதலில் விளக்குகிறேன், ஏனெனில் இதை எவரும் தாமே பார்த்துக்கொள்ள முடியும். வீணை, கோட்டுவாத்தியம், தம்புரா ஆகிய மூன்றுக்கும் ஒலியைப் பெருக்கும் குடமும், தந்திகள் ஓடும் நீண்ட தண்டியும் உண்டு; தொலைவிலிருந்து பார்த்தால் ஒரே குடும்பமாகத் தோன்றும். வீணையில் தண்டியின் குறுக்கே, விரல் அழுத்தும் இடங்களாக 24 பித்தளை மெட்டுகள் இருக்கும், மற்ற இரண்டிலும் இருக்காது. ஆனால் மங்கிய கறுப்பு வெள்ளைப் படத்தில் மெட்டு தெரியவில்லை என்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது, ஏனெனில் பல படங்களில் உண்மையான வீணையின் மெட்டுகளே தெரிவதில்லை. ஆகவே கருவியைவிட வாசிப்பவரின் கைகளைப் பார்க்க வேண்டும்.

தம்புரா பெரும்பாலும் நிமிர்த்திப் பிடிக்கப்படும். வாசிப்பவர் ஒரு கையால் மட்டும் தந்திகளை மீட்டுவார், மறு கை தந்தியைத் தொடாது. வீணையில் தண்டிக்குக் கீழே பொருத்திய சுரைக்காய் இடது தொடையின் மேல் அமர்ந்திருக்கும், தண்டி சற்றுச் சாய்ந்து உயர்ந்திருக்கும், இடது கை தண்டிக்குக் கீழாகச் சுற்றி வந்து ஆட்காட்டி விரலும் நடுவிரலும் தந்தியை மெட்டின் மேல் அழுத்தும். கோட்டுவாத்தியமோ முழுவதுமாக வாசிப்பவருக்கு முன்னால் தரையில் கிடக்கும். இடது கை மேலிருந்து இறங்கி, ஒரு குட்டையான உருளைக் கட்டையைத் தந்திகளின் மேல் வைத்து நகர்த்தும். அந்தக் கட்டைக்குத்தான் கோடு என்று பெயர். முன்பு கருங்காலியில் செய்தார்கள், இப்போது டெஃப்லான் போன்றவற்றிலும் செய்கிறார்கள். என் பாட்டியின் இடது கைக்குள் நான் இத்தனை ஆண்டுகளாக நிழல் என்று நினைத்துக் கொண்டிருந்தது அந்தக் கோடுதான். திருவிடைமருதூர் சகாராம ராவ், பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரி, மைசூர் அரசவையில் இருந்த நாராயண ஐயங்கார் ஆகியோர் வளர்த்த அந்தக் கருவி, இன்று சித்திரவீணை என்ற பெயரில் அறியப்படுகிறது.

நான் நேரில் சென்று பார்த்தபோது கருவி புதிதாக மெருகேற்றப்பட்டு அழகாக இருந்தது. தண்டியின் மேல் மெட்டுகள் இல்லை, விற்றவர் ஒரு கட்டையால் தந்தியை வழுக்கிக் காட்டினார், ஒலியும் வந்தது. அதற்கு மேல் என்ன கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. ரசீதில் 'பழைய தந்தி வாத்தியம் 1, உள்ளபடியே' என்று எழுதியிருந்ததைக் கண்டும் அதன் பொருளை நான் யோசிக்கவில்லை.

அடுத்த மூன்று மாதங்கள் காணொளிகளைப் பார்த்துத் தனியாக முயன்றேன். கட்டை தந்தியில் பட்டால் கிடுகிடுவென்று அதிர்ந்தது, வைத்த சுரம் ஒரு நொடியில் தேய்ந்து போனது, ஒரு முறை வந்த ரிஷபம் மறுமுறை வரவே இல்லை. குறை என் காதில்தான் இருக்கிறது என்று முடிவு செய்து, கற்பதையே விட்டுவிடும் நிலைக்கு வந்தேன். இதுதான் எனக்குப் பணத்தைவிடப் பெரிய இழப்பாகப்பட்டது.

பிறகு எங்கள் ஊரில் வீணை கற்றுத்தரும் ஓர் அம்மையாரிடம் கருவியைக் கொண்டுபோனேன். அவர் அதை வாசித்துப் பார்க்கக்கூட இல்லை, தந்திகளை முறுக்கும் பிரடைகளை எண்ணினார். ஏழு இருந்தன. "வீணைக்கு ஏழு தந்திதாம்மா. மேலே நாலு வாசிக்க, பக்கத்தில் மூணு தாளத்துக்கு. கோட்டுவாத்தியம்னா இருபது தந்திக்குப் பக்கமா இருக்கணுமே?" என்றார். இன்று வழக்கில் உள்ள சித்திரவீணையில் வாசிக்கும் தந்திகள் ஆறு, தாளத்துக்கு மூன்று, அவற்றுக்குக் கீழே தாமாகவே அதிர்ந்து ஒலிக்கும் அனுநாதத் தந்திகள் பன்னிரண்டு அளவில் இருக்கும். அந்தக் கீழ்வரிசைத் தந்திகள்தான் கோடு நகரும்போது ஒலி உடனே அறுந்துபோகாமல் தாங்குகின்றன. என் கருவியில் அவை இல்லை, அவற்றுக்கான பிரடைகளும் இல்லை, பிரடை இருந்து அடைக்கப்பட்ட துளைகளும் இல்லை.

அடுத்து அவர் தண்டியின் இரு ஓரங்களையும் நகத்தால் சுரண்டினார். மெருகுக்குக் கீழே கறுப்பாக மெழுகு வந்தது. வீணையின் மெட்டுகள் மரத்தில் நேரடியாகப் பதிக்கப்படுவதில்லை. தேன்மெழுகும் கரித்தூளும் கலந்த கறுப்பு மெழுகை இருபுறமும் கரைபோல எழுப்பி, அதன் மேல்தான் ஒவ்வொரு மெட்டும் நிறுத்தப்படும். மெழுகு பழையதாகி மெட்டுகள் ஆடத் தொடங்கினால், எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் புதிதாக நிறுத்த வேண்டும். அதை மேளம் கட்டுவது என்பார்கள். நல்ல காது உள்ள கைவினைஞர் மட்டுமே செய்யக்கூடிய வேலை. மேளம் கெட்டுப்போன ஒரு வீணையை வாங்கி, அந்தச் செலவைச் செய்யாமல், மெட்டுகளையும் மெழுகையும் கழற்றிவிட்டு எனக்குக் கோட்டுவாத்தியம் என்று விற்றிருக்கிறார்கள். என் படத்தைப் பார்த்த பிறகுதான் அந்த யோசனையே விற்றவருக்கு வந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

கருவியைத் திருப்பித் தருவதாக விற்றவரிடம் சொன்னபோது, ரசீதில் கோட்டுவாத்தியம் என்று எங்கேயும் இல்லை என்றார். அவர் வாட்ஸப்பில் அனுப்பிய செய்திகளைச் சான்றாக வைக்கலாம் என்று பார்த்தால், நான் பழைய கைபேசியை மாற்றியபோது அவை போய்விட்டன. விற்பவர் உங்கள் படத்தைப் பார்த்துச் சொல்லும் பெயரை அப்படியே ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள், தந்திகளின் எண்ணிக்கையையும் சேர்த்து. நுகர்வோர் ஆணையத்தில் முறையிட இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. ஆனால் முறையிடுவதற்குக் கையில் எழுத்து வேண்டும். மேலும், படத்தில் இருப்பது என்ன என்ற கேள்வியை, அதை விற்க வாய்ப்பில்லாத ஒருவரிடம், அதாவது கற்றுத்தருபவரிடமோ வாசிப்பவரிடமோ முதலில் கேளுங்கள்.

இனி என்ன செய்வது என்று கேட்டபோது அந்த அம்மையார் சொன்ன வழி எனக்குப் பொருத்தமாக இருந்தது. உண்மையான கோட்டுவாத்தியமே கிடைத்திருந்தாலும் நான் அதில் தொடங்கியிருக்கக் கூடாது என்றார். மெட்டு இல்லாத கருவியில் சுரம் எங்கே இருக்கிறது என்பதைக் காது மட்டுமே சொல்ல வேண்டும். காது பழகாதவருக்குக் கோடு நிற்கும் இடமெல்லாம் சரியாகவே தோன்றும். அதற்கு முன் வாய்ப்பாட்டோ, மெட்டுள்ள வீணையோ பழக வேண்டும். கையில் இருப்பது வீணைதான், மரமும் நல்ல பலா மரம், ஆகவே மறுபடியும் மேளம் கட்டிக்கொள்ளலாம் என்றார். அதற்கு மேலும் 9,000 ரூபாய் ஆனது.

மேளம் கட்டி வந்த வீணை சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் முறையையும் அவரே காட்டினார். மெட்டுகளைப் பிரடைப் பக்கத்திலிருந்து எண்ண வேண்டும். வாசிக்கும் தந்திகளில் முதலாவதான சாரணியை அழுத்தாமல் மீட்டினால் வருவது ஸட்ஜம், பன்னிரண்டாவது மெட்டில் அழுத்தினால் மேல் ஸட்ஜம் வர வேண்டும், ஏழாவதில் பஞ்சமம். இந்த இரண்டையும் கைபேசியில் உள்ள சுருதிச் செயலியில்கூடச் சரிபார்க்கலாம். பன்னிரண்டாவது மெட்டே விலகி ஒலித்தால், அதை ஏற்காமல் கட்டியவரிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மெழுகு வெயிலில் இளகும் என்பதால், வீணையை மூடிய காரிலோ சன்னல் ஓரத்திலோ வைக்கக் கூடாது.

முதல் வாரம் முழுவதும் இடது கைக்கு வேலையே இல்லை. வலது கையின் ஆட்காட்டி விரலாலும் நடுவிரலாலும் சாரணியை மாறி மாறி மீட்டுவதும், சுண்டுவிரலால் தாளத் தந்திகளைத் தொடுவதும் மட்டும்தான் பயிற்சி. அதன் பிறகு மாயாமாளவகௌளை ராகத்தில் முதல் பாடமான சரளி வரிசை தொடங்கியது. ஸ வெறும் தந்தி, ரி முதல் மெட்டு, க நான்கு, ம ஐந்து, ப ஏழு, த எட்டு, நி பதினொன்று, மேல் ஸ பன்னிரண்டு. ஒன்றிலிருந்து நான்குக்கும், எட்டிலிருந்து பதினொன்றுக்கும் கை தாவ வேண்டியிருப்பதால் தொடக்கத்தில் அங்கேதான் தடுக்கும். விரலை எட்டி நீட்டாமல், இரண்டு விரல்களையும் சேர்த்து வைத்துக் கையையே நகர்த்தினால் ஒலி அறுவதில்லை. மெட்டின் நடுவில் அழுத்தாமல், அதை ஒட்டிப் பிரடைப் பக்கமாக அழுத்தினால் தந்தி இரையாது.

இப்போது பதினொரு மாதங்கள் ஆகின்றன. சரளிக்கு அடுத்த பாடமான ஜண்டை வரிசையில் இருக்கிறேன். பாட்டியின் படத்தைப் பெரிதாக்கிப் பிரடைகளை எண்ணிப் பார்த்தோம். பதினான்கு வரை தெளிவாகத் தெரிகின்றன, மற்றவை அவருடைய முழங்காலுக்குப் பின்னால் மறைந்திருக்கின்றன.